தினமும் 500 ரூபாய் தரும் ரோபோ... நகையை அடகு வைக்கலாமா?

‘‘நாங்கள் நான்கு கறவை மாடுகள் வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி வருகிறோம். என் நாத்தனார் மகன், செல்போனில் ஒரு ‘ஏ.ஐ ரோபோ’வில் 30,000 ரூபாய் போட்டிருக்கிறான். டாலர், பிட்காயினை அந்த ரோபோவே வாங்கி விற்று, தினமும் 1 சதவிகிதம் லாபம் தருகிறதாம். ஒரு மாதத்தில் 9,000 ரூபாய் எடுத்தும் காட்டிவிட்டான். நகையை அடகு வைத்து 50,000 ரூபாய் போட்டால், தினமும் 500 ரூபாய் வரும் என்கிறான். போடலாமா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும். காரணத்தை, அந்தப் பையன் எடுத்துக் காட்டிய 9,000 ரூபாயில் இருந்தே தொடங்கலாம். ‘பணம் வந்துவிட்டதே, அப்புறம் எப்படிப் பொய்யாகும்?’ என்பதுதான் பெரும்பாலானோர் ஏமாறும் இடம்.

ஒரு ஊரில் பத்துப் பேர், ஆளுக்கு 50,000 ரூபாய் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 லட்சம். ஆள் சேர்த்தவருக்கு 10 சதவிகிதம் கமிஷன் போனால், மீதி 4.5 லட்சம். பத்துப் பேருக்கும் தினமும் 500 ரூபாய் கொடுக்க 5,000 ரூபாய் வேண்டும். ஒரு டாலர்கூட வாங்காமல், விற்காமல், அந்தப் பணத்தையே திருப்பித் திருப்பிக் கொடுத்தால் 90 நாள்கள் தாராளமாக ஓட்டலாம். ஆனால், எல்லோரும் தினமும் எடுப்பதில்லை. ‘லாபத்தை எடுக்காமல் விட்டால் குட்டிபோட்டுப் பெருகும்’ என்று சொல்வதால், பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். பத்தில் இரண்டு பேர் மட்டும் எடுத்தால், தினச் செலவு 1,000 ரூபாய்தான். 450 நாள்கள் ஓடும். அதற்குள் அடுத்த ஊரில் இருபது பேர் சேர்ந்திருப்பார்கள். ஆக, ஒரு மாதம் என்ன, ஒரு வருடம் முழுக்கப் பணம் வந்தாலும், அங்கே வியாபாரம் நடக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. அந்தப் பையனின் கையில் உள்ள 9,000 ரூபாய், அவன் போட்ட 30,000 ரூபாயில் ஒரு பகுதியாகவே இருக்கலாம். அப்படியானால், இன்னும் 21,000 ரூபாய் அவர்களிடம்தான் இருக்கிறது.

தினமும் 1 சதவிகிதம் என்பது கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. அதைப் பெருக்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 50,000 ரூபாயை எடுக்காமல் விட்டால், ஒரு வருடத்தில் சுமார் 18.9 லட்சம். இரண்டு வருடத்தில் 7 கோடி. மூன்றாவது வருட முடிவில் 270 கோடி ரூபாய். இப்படிச் சம்பாதிக்கும் கருவி கையில் இருப்பவர், மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் நகைக்காக வாட்ஸ்அப்பில் காத்திருக்க மாட்டார். வங்கியில் கடன் வாங்கியே மூன்று வருடத்தில் ஊரை விலைக்கு வாங்கிவிடுவார்.

இப்படி ஒரு திட்டம் எப்படி முடியும் என்பதற்கு, முழுமையாக விசாரிக்கப்பட்ட ஒரு வழக்கு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2019-ம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல்’ என்ற நிறுவனம். குறைந்தபட்சம் 100 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தால் போதும். செயற்கை நுண்ணறிவு ரோபோ, அந்நியச் செலாவணிச் சந்தையில் வியாபாரம் செய்யும். மாதம் 10 சதவிகிதம் லாபம் என்றது. நஷ்டம் வந்தது ஒரே ஒரு நாள்தான் என்றும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. ஆள் சேர்த்தால் கமிஷனும் உண்டு. பல நாடுகளில் இருந்து மக்கள் சேர்ந்தார்கள்.

அந்த நாட்டின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்ட்டில் எச்சரிக்கை விடுத்தது. பிறகு கணக்குகளைத் தோண்டியது. முதலில் பணம் வைத்திருந்த தரகு நிறுவனத்திடம் கேட்டபோது, அங்கே நடந்த வியாபாரம் லாபமே தரவில்லை, நஷ்டம் என்பது தெரிந்தது. ‘இப்போது வேறொரு தரகரிடம் மாறிவிட்டோம்’ என்று நிறுவனம் சொன்னது. அந்தத் தரகரிடம் இருந்ததாகக் காட்டிய கணக்குகளும் உண்மை இல்லை. உறுப்பினர்களின் செல்போனில் மட்டும், அன்றாடம் லாபம் ஏறிக்கொண்டே இருந்தது. திரையில் எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்கு ரோபோ தேவையில்லையே!

2020 டிசம்பரில் பணம் எடுப்பது நின்றது. நிறுவனத்தின் தலைவர் கார்னீலியஸ் ஸ்டெயின்பெர்க் நாட்டைவிட்டு வெளியேறி, ஒரு வருடம் கழித்து பிரேசிலில் பிடிபட்டார். அமெரிக்காவின் சரக்கு முன்பேரச் சந்தை ஆணையம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. திரட்டப்பட்டது 29,421 பிட்காயின்கள். அப்போதைய மதிப்பில் சுமார் 170 கோடி டாலர். சொன்னபடி ஒரு ரோபோவே அங்கு இல்லை என்பது அந்த ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. போட்டவர்களில் பெரும்பாலானோர் முழுப் பணத்தைத் திரும்பப் பார்க்கவில்லை.

‘அது ஃபிராடு கம்பெனி. இது நிஜ ரோபோ. வாங்குவதையும் விற்பதையும் நேரடியாகவே பார்க்கிறேன்’ என்று பையன் சொல்லக்கூடும். அப்படியும் இருக்கலாம். நிஜமாகவே வாங்கி விற்கும் மென்பொருள்கள் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் ‘தினசரி லாபம்’ காட்டுபவை பலவும், தோற்றால் இரட்டிப்பாக்கு என்ற பழைய சூதாட்ட முறையில்தான் ஓடுகின்றன. இதற்கு அறிவு ஏதும் தேவையில்லை.

அது இப்படித்தான் வேலை செய்யும். முதலில் 100 ரூபாய் பந்தயம். தோற்றால் அடுத்தது 200. அதிலும் தோற்றால் 400, பிறகு 800. எப்போது ஜெயித்தாலும், முன்பு போனதெல்லாம் திரும்பி வந்து, மேற்கொண்டு 100 ரூபாய் கிடைக்கும். ஒரு நாளில் ஐந்து சுற்று ஜெயித்தால் 500 ரூபாய். 50,000 ரூபாய்க்கு அது சரியாக 1 சதவிகிதம். வாக்கு கொடுத்தது அப்படியே நடக்கிறது!

ஆனால், தொடர்ந்து எட்டு முறை தோற்றால் என்ன ஆகும்? போனது மொத்தம் 25,500 ரூபாய். ஒன்பதாவது பந்தயத்துக்கு 25,600 ரூபாய் வேண்டும். கையில் இருப்பதோ 24,500. ஆட்டம் முடிந்தது. மேலும் கீழும் சமவாய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும், இப்படி எட்டுத் தோல்வி வருவது 256 சுற்றுக்கு ஒருமுறை. தினம் ஐந்து சுற்று என்றால், சராசரியாக ஐம்பது நாளுக்குச் சற்று மேல். அதாவது, 255 சுற்றில் நூறு நூறாகச் சேர்த்த 25,500 ரூபாயை, அந்த ஒரே சுற்று வாங்கிக்கொண்டு போய்விடும். தரகருக்கு ஒவ்வொரு முறையும் போகும் கட்டணம் தனி. சந்தை ஒரே பக்கமாக ஓடும் நாளில் எட்டுத் தோல்வி என்பது அரிதும் இல்லை. ரோபோவை விற்பவர், முதல் நாற்பது நாள் படத்தைத்தான் காட்டுவார். அதில் ஒரு சரிவும் இருக்காது. சரிவே இல்லாத லாபக் கோடுதான் சந்தேகப்பட வேண்டிய கோடு. மழையையும் விலையையும் நம்பிப் பயிர் வைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு ஆபத்து, நகையைவிடப் பெரியது. இந்தத் திட்டங்கள் பலவற்றில் பணத்தை ரூபாயில் எடுக்க முடியாது. USDT என்ற டிஜிட்டல் டாலராகத் தருவார்கள். அதை முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு விற்று, வங்கிக் கணக்கில் ரூபாயாக வாங்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் அனுப்புவது, வேறு ஊரில் திருடிய பணமாக இருக்கலாம். அங்கே புகார் போனால், பணம் போன வழியெல்லாம் தொடர்ந்து, வாங்கியவரின் கணக்கையும் முடக்குவார்கள். சொசைட்டி பால் பணமும், பி.எம்.கிசான் தொகையும் வரும் கணக்கு அதுவாக இருந்தால், மாட்டுத்தீவனம் வாங்கக்கூடப் பணம் எடுக்க முடியாமல், வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தியாவில், தனிநபர் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்ய, ரிசர்வ் வங்கி அனுமதித்த அமைப்புகளுக்கும் அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளுக்கும் மட்டுமே இடமுண்டு. அனுமதி இல்லாத தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களுடன் வெளியிட்டு, பிறகு நீட்டிக்கொண்டே வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அது அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. புதுப் பெயரில் வர ஒரு நாள் போதும்.

இனி, அந்தப் பையன் செய்ய வேண்டியது. அவன் ஏமாற்றுக்காரன் இல்லை; அவனும் மாட்டிக்கொண்டவன்தான். அதனால் சண்டை போடாமல், ஒரே ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லலாம். லாபத்தை அல்ல, திரையில் காட்டும் மொத்தத் தொகையையும் இன்றே திரும்பக் கேட்கட்டும். வந்தால் நல்லது, அத்தோடு கணக்கை மூடிவிடலாம். ‘மூன்று மாதம் பொறுங்கள்’, ‘முதலில் 20 சதவிகிதம் வரி கட்டினால்தான் விடுவிப்போம்’ என்று பதில் வந்தால், அடுத்து ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. வருமான வரியை எந்த ‘ஆப்’பும், தனியார் கணக்கில் முன்கூட்டி வசூலிப்பதில்லை. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பணம் அனுப்பிய தேதி, பரிவர்த்தனை எண், யாருடைய கணக்குக்குப் போனது, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். குழுவில் இருந்து வெளியேறும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு அவை கிடைக்காது. பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் புகார் போனால்தான், அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்கு முன்பு நிறுத்த வாய்ப்பு அதிகம். ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று பின்னால் போன் செய்பவர்களுக்குக் கட்டணம் கொடுத்தால், அது இரண்டாவது இழப்பு.

முக்கியமாக, இனி யாரையும் சேர்க்க வேண்டாம் என்று அவனிடம் சொல்ல வேண்டும். ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம். தென்னாப்பிரிக்க வழக்கில், நிறுவனத்தைக் கலைக்க நியமிக்கப்பட்டவர்கள், போட்டதைவிட அதிகமாக எடுத்த உறுப்பினர்களைத் தேடிப்பிடித்து, அந்தத் தொகையைத் திரும்பக் கேட்டார்கள். இங்கே கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் அவன் சேர்த்துவிட்ட சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனுமாகத்தான் இருப்பார்கள்.