கடிகாரத்தின் முள்ளும் உடம்பின் முள்ளும்



நம் நாட்டில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் உதிக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்படியில்லை. கோடையில் அங்கே மக்கள் எழுவதற்கு வெகு முன்பே விடிந்துவிடும். அந்த வெளிச்சத்தை மாலைக்கு மாற்றிக்கொள்வதற்காக, வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடி பின்னே வைத்துவிடுகிறார்கள்.

ஒரு மணி நேரம்தானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. பார்ன்ஸ், வாக்னர் என்னும் இருவர், 1983 முதல் 2006 வரை சுரங்கங்களில் பதிவான காயங்களின் கணக்கை எடுத்து, நாள்வாரியாகப் பார்த்தார்கள். கடிகாரத்தை முன்னே வைத்த மறுநாள் திங்கட்கிழமைகளில் காயங்கள் 5.7 விழுக்காடு கூடியிருந்தன. அதாவது வழக்கமாக நூறு பேர் அடிபடும் இடத்தில் ஏறக்குறைய நூற்றாறு பேர். இது பெரிதல்ல எனலாம். ஆனால் காயத்தால் வேலைக்கு வர முடியாமற்போன நாட்களோ 67.5 விழுக்காடு கூடியிருந்தன. அடிபட்டவர்கள் பலமாக அடிபட்டிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். அந்த மாற்றத்தன்று மக்கள் சராசரி 40 நிமிடம் குறைவாக உறங்கியதையும் அவர்கள் வேறொரு கணக்கிலிருந்து காட்டினார்கள். கத்தியோடும் இயந்திரத்தோடும் வேலை செய்பவருக்கு 40 நிமிட உறக்கம் என்றால் என்னவென்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும்போது காயங்கள் அப்படிக் கூடவில்லை. ஏன் இந்த வேறுபாடு? நம் மூளைக்குள், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு நரம்புக் கூட்டம் இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது உடற்சூடு ஏறவேண்டும் என்பதையெல்லாம் அது நடத்துகிறது. பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆகவே தானாக விட்டால் அது நாள்தோறும் கொஞ்சம் பிந்திக்கொண்டே போகும். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் அதைப் பிடித்து முன்னே இழுக்கிறது. மாலை வெளிச்சம் இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறது. பிந்திப் படுப்பது எளிதாகவும் முந்தி எழுவது கடினமாகவும் இருப்பது இதனால்தான். வெறும் சோம்பல் என்று பிள்ளைகளைத் திட்டுகிறோமே, அதில் பாதி நியாயமில்லை.

மாரடைப்பைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. சுவீடன் நாட்டுப் பதிவுகளைப் பார்த்தவர்கள், வசந்த கால மாற்றத்துக்கு அடுத்த வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 விழுக்காடு கூடியதாக 2008-இல் எழுதினார்கள். ஆனால் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு 2025-இல் வெளியான ஆய்வில் அப்படிக் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் தெரியவில்லை. ஆகவே கடிகாரத்தைத் திருப்பினால் நெஞ்சு அடைக்கும் என்று யாரும் அடித்துச் சொல்வதற்கில்லை. உறக்கம் குறைவதுதான் உறுதியாகத் தெரிந்த சங்கதி.

அமெரிக்க உறக்க மருத்துவர் கழகம் 2020-இல், இந்த மாற்றமே வேண்டாம், ஒரே நேரம் போதும் என்று அறிக்கை விட்டது. எந்த நேரம் என்பதில்தான் வழக்கு. கடைக்காரர்களில் பலர் மாலை வெளிச்சம் நீளும் கோடை நேரத்தையே நிலையாக்கக் கேட்கிறார்கள். மருத்துவர்களோ சூரியனோடு ஒட்டிய பழைய நேரமே வேண்டும் என்கிறார்கள். ரஷ்யா 2011-இல் கோடை நேரத்தை நிலையாக்கிப் பார்த்தது. குளிர்காலக் காலைகளில் வெகுநேரம் இருட்டாகவே இருந்தது, மக்கள் முறையிட்டார்கள். 2014-இல் அதைக் கைவிட்டு, குளிர்கால நேரத்தை நிலையாக்கிக்கொண்டார்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளிப் பன்னிரண்டாக்கினார்கள். சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக. சிங்கப்பூரும் கூடவே மாற்றியது. அதன்பின் யாரும் திருப்பவில்லை. நிலையான நேரம் நமக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அது சூரியனுக்கு முந்திய நேரம். கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கல்ல. வெளியில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நிழல் மிகக் குறுகுவது ஏறக்குறைய ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் இடையில்தான் இருக்கும்.

அதனால்தான் பெரட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளும் இருட்டிலேயே எழ வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் உடற்கடிகாரம் எவ்வளவு பிந்தியிருக்கிறது என்றறிய ஒரு வழி உண்டு. பள்ளி நாளில் எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள், விடுமுறையில் யாரும் எழுப்பாமல் எத்தனை மணிக்கு எழுகிறான் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், இரவு விளக்கையும் கைப்பேசியையும் சற்று முன்னதாக அணைத்து, விடிந்ததும் வாசலில் வெளிச்சம் படும்படி நிற்க வைத்து, மறுபடி குறித்துப் பாருங்கள்.