மீட்டர் காட்டும் 1,400

கடலோரச் சென்னையில் ஓர் அடுக்ககம். போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1,400 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 500 நல்லது. வேறு தண்ணீர் இல்லாத ஊரில் 2,000 வரை ஏற்கலாம். ஆனால் மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான். கரைந்தது என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருந்தாலும் தெரியாது.

தொல்லை தருகிற உப்புகள் இரண்டு வகை. கரிக்கும் சுவை பெரும்பாலும் சோடியம் குளோரைடால் வருவது. காபி திரிந்தாற்போல் இருப்பதும், இரும்புக் குழாய் உள்ளுக்குள் துருப்பிடித்து ஓட்டை விழுவதும் குளோரைடின் வேலை. கால்சியமும் மெக்னீசியமும் வேறு வகை, இவைதான் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, ஷவர் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும், கீசர் காயிலில் சுண்ணாம்பு ஏடு படிந்து கரண்ட் பில் ஏறும். பிளாஸ்டிக் குழாய்க்கு மாறினால் துரு போகும், படிவு போகாது.

மொட்டை மாடியில் சாஃப்ட்னர் வைத்தவர்கள் பலர், "தண்ணி இன்னும் கரிக்குதே" என்பார்கள். கரிக்கத்தான் செய்யும். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. கீசர் பிழைக்கும், மீட்டர் எண் இறங்காது. யு.வி. கருவி கிருமியைக் கொல்லுமே தவிர, உப்பைத் தொடாது. கரிப்பைக் குறைக்க ஆர்.ஓ.தான் வழி, அதுவும் சமையலறைக்கு மட்டும் போதும்.

நம் 1,400 தண்ணீர் 3 லிட்டர் உள்ளே போய், 100 அளவில் 1 லிட்டர் குடிக்கக் கிடைத்தால், வெளியேறும் 2 லிட்டரில் 2,050 இருக்கும். அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், கழிவறைக்கு ஆகும். சுவைக்காக மூலத் தண்ணீரைச் சிறிது கலக்கும் திருகு சில கருவிகளில் உண்டு. பத்தில் ஒரு பங்கு கலந்தால் 230 வரும். ஆனால் அந்தப் பங்கு மெம்பரேனைத் தாண்டாமல் வருவது. நைட்ரேட் இருந்தால் அதுவும் கூடவே வரும்.

விற்க வருபவர் இரண்டு கம்பிகளை டம்ளருக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். போர் தண்ணீர் சேறாகப் பழுப்பேறும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அந்தச் சேறு பெரும்பாலும் கம்பி இரும்பு கரைந்தது. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாததால் அங்கே கம்பி கரைவதில்லை. அவ்வளவுதான் வித்தை.

கருவிக்குப் பணம் கட்டுமுன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.