"96% ஒத்துப்போச்சு"ன்னு சொன்னா உடனே நம்பாதீங்க

தற்கொலைச் செய்திகளைப் பத்திரிகைகள் எப்படி எழுதுதுன்னு ஆராயற பேப்பர்களைப் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் கோபமா இருக்கும், பொறுத்துக்குங்க.

2016 ஜூன்ல இருந்து டிசம்பர் வரை தமிழ்நாட்டுல 9 பெரிய நாளிதழ்கள்ல வந்த 1,681 தற்கொலைச் செய்திகளை அலசி ஒரு ஆய்வு வந்தது. உதவி எண் கொடுத்த செய்திகள் 100-க்கு 3 கூட இல்ல. அந்த ஆய்வு மேல எனக்குக் குறை இல்ல. அதே மாதிரி செய்யறேன்னு கிளம்பற சின்ன தீசிஸ்கள்தான் பிரச்சினை.

வேலை என்னன்னா, ஒரே செய்தியை ரெண்டு பேர் தனித்தனியா படிச்சு "உதவி எண் இருக்கு / இல்ல"ன்னு குறிக்கணும். அப்புறம் ஒப்பிடணும். கடைசியில பேப்பர்ல ஒரே வரி: "இருவரும் 96% ஒத்துப்போனார்கள்."

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 100 செய்தி. முதல் ஆள் 2 செய்தியில எண் இருக்குன்னாரு. ரெண்டாவது ஆளும் 2 தான், ஆனா வேற ரெண்டு! மீதி 96-ல ரெண்டு பேரும் "இல்ல". ஆக ஒப்பு 96%. ரெண்டு பேரும் "2% செய்தியில எண் இருக்கு"ன்னே எழுதுவாங்க. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்ச செய்தி ஒண்ணுகூட இல்ல.

தாம்பரம் ஸ்டேஷன்ல ஏப்ரல் மாசம் ரெண்டு பேர் நின்னு தினமும் "இன்னைக்கு மழை இல்ல"ன்னு சொன்னா, மாசம் முழுக்க ஒத்துப்போவாங்க. அதுக்காக அவங்களுக்கு வானிலை தெரியும்னு அர்த்தமா?

இதுக்குத்தான் ஜேக்கப் கோஹன் 1960-ல காப்பா கொண்டுவந்தார். சும்மா குறிச்சாலே எவ்வளவு ஒத்துப்போகும்னு கழிச்சுடும். நம்ம கணக்குல அது:

0.98 × 0.98 + 0.02 × 0.02 = 0.9608
(0.96 − 0.9608) / (1 − 0.9608) = −0.02

96% பூஜ்யத்துக்கும் கீழ போயிடுச்சு.

ஏன் முரண்படறாங்க? பெரும்பாலும் விதி தெளிவா இல்ல. செய்திக்குள்ள எண் இல்ல, பக்கத்தோட அடியில பெட்டியில "104-க்கு அழைக்கவும்"னு இருக்கு. அது கணக்கா? எண்ணே இல்லாம "மருத்துவரை அணுகவும்"னு மட்டும் இருந்தா? இதை முன்னாடியே எழுதி வைக்கணும்.

இன்னும் மோசம் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் உட்கார்ந்து டீ குடிச்சு வித்தியாசத்தையெல்லாம் பேசித் தீர்த்துட்டு, அப்புறமா காப்பா போடறது. வந்தது 0.95! பேசித் தீர்க்கறது தப்பில்ல. ஆனா காப்பா பேசறதுக்கு முன்னாடி குறிச்சதுக்குத்தான்.

காப்பாவும் தெய்வம் இல்ல. இவ்வளவு அபூர்வமான விஷயத்துல ரெண்டு மூணு செய்தி மாறினாலே எண் தலைகீழா ஆடும். அதனால பயிற்சிக்கு எண் இருக்கற செய்திகளையும் தேடிப்பிடிச்சு வேணும்ங்கற அளவு சேர்க்கணும். பேப்பர்ல சதவீதம், காப்பா, கூடவே அந்த நாலு கட்டம் (ரெண்டு பேரும் ஆம், ரெண்டு பேரும் இல்லை, முரண் ரெண்டு வகை) மூணும் வேணும். அந்தக் கட்டத்தைக் காட்டாத பேப்பரை வச்சு "பத்திரிகைகள் திருந்திடுச்சு"ன்னு யாராவது சொன்னா, முதல்ல கட்டத்தைக் கேளுங்க.