வட்டி வந்துச்சு, ஆனா பணம் வளர்ந்துச்சா? சேமிப்புக் கணக்கின் உண்மையான லாபம் எவ்வளவு?

மூணு மாசத்துக்கு ஒருமுறை 'வட்டி வரவு வைக்கப்பட்டது' என்று வங்கியிலிருந்து மெசேஜ் வரும். கணக்கில் இருக்கும் தொகையும் கொஞ்சம் கூடியிருக்கும். ஆனால் அந்தப் பணத்தை வைத்து வாங்கக்கூடிய பொருளும் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2024-25 நிதியாண்டை எடுத்து, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2 லட்சம் ரூபாய்க்கு என்ன ஆச்சு?

2024 ஏப்ரல் 1-ம் தேதி ஒருவர் எஸ்பிஐ சேமிப்புக் கணக்கில் 2 லட்சம் ரூபாய் வைத்திருந்தார், வருஷம் முழுக்க அதைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது வட்டி 2.70 சதவீதம். தினமும் கணக்கில் இருக்கும் இருப்பை வைத்து வட்டி கணக்கிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை வரவு வைப்பார்கள். வட்டிக்கு வட்டியை விட்டுவிட்டால், ஒரு வருஷத்தில் கிடைத்தது 5,400 ரூபாய்.

இவர் புதிய வரி முறையில் இருக்கிறார், வரிக்குரிய வருமானம் 13 லட்சம் ரூபாய். அப்படியென்றால் 20 சதவீத வரம்பில் வருவார். செஸ் சேர்த்து 20.8 சதவீதம். 5,400 ரூபாய் வட்டிக்கு வரி 1,123 ரூபாய். கையில் நிற்பது 4,277 ரூபாய்.

அடுத்து விலைவாசி. அந்த நிதியாண்டின் சராசரி சில்லறைப் பணவீக்கம் 4.6 சதவீதம். அதாவது, ஆரம்பத்தில் 2 லட்சத்துக்கு வாங்கிய அதே பொருட்களுக்கு, ஒரு வருஷம் கழித்து 2,09,200 ரூபாய் தேவை. ஆனால் இவரிடம் இருப்பது 2,04,277 ரூபாய்தான். 4,923 ரூபாய் குறையுது. வட்டி வந்தும், பணத்தின் வாங்கும் சக்தி சுமார் 2.35 சதவீதம் சரிந்துவிட்டது.

நஷ்டத்துக்கும் வரியா?

ஆமாம். வருமான வரி, வட்டியாக எத்தனை ரூபாய் வந்தது என்பதை மட்டும்தான் பார்க்கும். விலைவாசி அதை விழுங்கிவிட்டதா என்று பார்க்காது. வரியே இல்லாவிட்டாலும் இவருக்கு 3,800 ரூபாய் குறைந்திருக்கும். அதன் மேல் 1,123 ரூபாய் வரி வந்து சேர்ந்ததால்தான் 4,923 ஆனது.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஒரு நிவாரணம் உண்டு. 80டிடிஏ பிரிவின்படி, சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். 60 வயது ஆனவர்களுக்கு 80டிடிபி பிரிவில் இந்த வரம்பு 50,000 ரூபாய், இதில் எஃப்டி வட்டியும் சேரும். புதிய வரி முறையில் இந்த இரண்டுமே கிடையாது.

இன்னொரு விஷயம். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிக்காது. அதனால் 'வரி இல்லை' என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வருமான வரித் துறையின் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் இந்த வட்டி பதிவாகும். ரிட்டர்னில் நாமதான் காட்டணும்.

எத்தனை சதவீதம் வட்டி வந்தால் சமம்?

வரி போக மீதி வருவது, பணவீக்கத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மேலே சொன்னவருக்கு 100 ரூபாய் வட்டியில் நிற்பது 79.20 ரூபாய். எனவே 4.6-ஐ 0.792-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 5.8. அந்த அளவு வட்டி வந்தால்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அதே நேரத்தில் எஸ்பிஐயில் ஒரு வருட எஃப்டிக்கு 6.8 சதவீத வட்டி இருந்தது. வரி போக 5.4 சதவீதம். பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சியது ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனாலும் பணம் தேயவில்லை.

பணவீக்கம் குறைந்தால்?

கணக்கு மாறும். 2025 ஜூன் முதல் எஸ்பிஐ சேமிப்புக் கணக்கு வட்டி 2.5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்த அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியதால், வரி போகவும் உண்மையான லாபம் வந்தது. இது நிலைக்கும் என்று நம்ப முடியாது. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே 4 சதவீதம். அந்த அளவுக்குப் பணவீக்கம் திரும்பினால், 2.5 சதவீத வட்டி வரிக்கு முன்னாடியே தோற்றுவிடும்.

அப்போ சேமிப்புக் கணக்கு வேண்டாமா?

வேண்டும். நினைத்த நேரத்தில் ஏடிஎம்மிலோ யுபிஐயிலோ பணம் எடுக்கிற வசதிக்கு நாம் கொடுக்கிற விலைதான் இந்த நஷ்டம். மாதச் செலவுக்கும் திடீர் மருத்துவச் செலவுக்குமான தொகைக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு வருஷமாகத் தொடாமல் கிடக்கிற பணம் இருந்தால், மேலே உள்ள கணக்கை உங்கள் வங்கியின் வட்டி, உங்கள் வரி வரம்பை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்க.