சேப்பாக்கம் கிளம்பும் முன், டிக்கெட்டை ஒரு முறை படியுங்கள்



ஐபிஎல் டிக்கெட் கிடைத்துவிட்டது என்றதும் வீடே துள்ளுகிறது. மஞ்சள் ஜெர்சி தேடுகிறோம், ஆபீஸில் பர்மிஷன் கேட்கிறோம். ஆனால் அந்த டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? பெரும்பாலும் தேதியும் விலையும்தான் கண்ணில் படுகின்றன. எந்த கேட், எந்த ஸ்டாண்ட் என்பதை மைதானத்துக்கு வெளியே, ஆயிரக்கணக்கானோர் நடுவில் நின்றுகொண்டுதான் தேடுகிறோம்.

வாங்கும்போது திரையில் C/D/E Lower என்று மூன்று ஸ்டாண்டுகளைச் சேர்த்துக் காட்டுவார்கள். அது விலைப் பிரிவு. உங்கள் இருக்கை அந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். அது எது என்பதை டிக்கெட்டில் பாருங்கள். அதே டிக்கெட்டில் கேட் எண் தனியாக இருக்கும். ஸ்டாண்டுக்கு எழுத்து, கேட்டுக்கு எண். D ஸ்டாண்ட் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு 'D கேட் எங்கே?' என்று விசாரித்தால், ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டுவார்கள்.

தவறான கேட்டில் நின்றால் என்ன, உள்ளே போய் மாறிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். முடியாது. ஸ்டாண்டுகளுக்கு இடையே தடுப்பு உண்டு. உங்கள் க்யூஆர் கோடும் அந்த வாசலில் ஏற்கப்படாது. திரும்பி வெளியே வந்து, போலீஸ் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு, எதிரே வரும் கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். கையில் குழந்தையும் பக்கத்தில் வயதான அம்மாவும் இருந்தால் அந்த நடை எப்படி இருக்கும்?

ஆகவே கேட் எண்ணைப் பார்த்த கையோடு, அது எந்தச் சாலைப் பக்கம் என்பதையும் வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். போட்டி நடத்துபவர்கள் தரும் மைதான வரைபடத்தில் அது இருக்கும். மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் வாலாஜா சாலை வழியாக நடந்து வருவீர்கள். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானத்தின் இன்னொரு பக்கம். பெல்ஸ் ரோடு பக்கம் கேட் என்றால் அதற்கேற்ற வழி. ஆட்டோ, கால் டாக்ஸி புக் பண்ணும்போது மைதானத்தின் பெயரை மட்டும் போட்டால் மேப் எங்கோ ஒரு பக்கம் கொண்டுபோய் விடும். கேட் இருக்கும் சாலையைப் போடுங்கள். மேட்ச் நாளில் அந்தச் சாலைகளில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள் என்பதால், போக்குவரத்து போலீஸின் அறிவிப்பையும் முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, எட்டு வயதுப் பையன், பாட்டி. நான்கு டிக்கெட்டும் அப்பாவின் போனில் இருக்கின்றன. முதலில் நான்கிலும் கேட்டும் ஸ்டாண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இரண்டு இரண்டாக வாங்கியிருந்தால் மாறியிருக்கலாம். அடுத்து Lower-ஆ, Upper-ஆ? Upper என்றால் பாட்டியின் முழங்காலுக்குப் படிகள் நிறைய. அதை வாங்கும் முன்பே யோசித்தால்தான் உண்டு. பிறகு வரிசையும் இருக்கை எண்ணும். இரண்டு பேர் ஒரு வரிசை, இரண்டு பேர் வேறு வரிசை என்றால், பையன் யாரோடு உட்காருவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடலாம்.

அப்புறம் போன். கூட்டம் சேரச் சேர நெட்வொர்க் திணறும். ஆப் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சில டிக்கெட்டுகளில் க்யூஆர் கோடு மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வீட்டு வைஃபையிலேயே ஆப்பைத் திறந்து, லாகின் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வசதி இருந்தால் பெரியவர்களின் டிக்கெட்டை அவரவர் போனுக்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நான்கு பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போக முடியும். கேட் எண்ணை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாட்டியின் பையில் போட்டுவிடலாம்.

2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அன்று நடந்தது மேட்ச் அல்ல, வெற்றிக் கொண்டாட்டம். ஆனால் உயிர்கள் போனது கேட்டுகளின் அருகே. அதனால்தான் நேரத்தையும் வலியுறுத்துகிறேன். ஏழரை மணி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கு டாஸ். அந்த நேரத்தை ஒட்டித்தான் எல்லோரும் வாசலில் வந்து குவிகிறார்கள். ஐந்தரைக்குள் கேட் முன் இருந்தால், அது தவறான கேட்டாக இருந்தாலும் நிதானமாக நடந்து மாறிக்கொள்ள நேரம் இருக்கும். கடைசி நேரத்தில் கேட்டை மாற்றி மெசேஜ் வந்தாலும் சமாளிக்கலாம். அங்கே நிற்கும் போலீஸார் வேறு வழி சொன்னால், டிக்கெட்டைக் காட்டி வாதாடாமல் அவர்கள் சொல்கிறபடி போங்கள்.

உள்ளே போகும் முன் இன்னொன்றையும் பேசிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது யாராவது பிரிந்துவிட்டால் எங்கே காத்திருப்பது? கேட் வாசலை வைத்துக்கொள்ள வேண்டாம், அங்கே நிற்கவே விடமாட்டார்கள். வந்த வழியில் சற்றுத் தள்ளி, பையனுக்கும் அடையாளம் தெரிகிற ஒரு கடையையோ பஸ் ஸ்டாப்பையோ எல்லோருமாகப் பார்த்து வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்