எஸ்.எம்.எஸ். சொல்லாத 560 ரூபாய்

மாசக் கடைசியில் "பணமெல்லாம் எங்கே போச்சு?" என்ற கேள்வி எழாத வீடு உண்டா? பாதிப் பதில் நம் போனிலேயே இருக்கிறது. வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களைத் தானாகவே கூகுள் ஷீட்டில் ஏற்றிவிட்டால், செலவுக் கணக்கு பாதி முடிந்த மாதிரிதான்.

ஆண்ட்ராய்டு போனில் மேக்ரோடிராய்டு போன்ற ஒரு செயலி இதைச் செய்யும். எஸ்.எம்.எஸ்.ஸை வாங்கி எழுத, ஷீட்டில் நாலைந்து வரி ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வேண்டும். `debited` என்ற சொல் உள்ள செய்திகளை மட்டும் அனுப்பும்படி அமையுங்கள். எல்லாவற்றையும் அனுப்பினால் ஓ.டி.பி.யும் சேர்ந்து போய்விடும்.

`A/C X1234 debited by 450.0` என்று தொடங்கும் செய்தி A2 கட்டத்தில் விழுந்தால், தொகையை மட்டும் பிரித்தெடுக்க இந்தச் சூத்திரம் போதும்:

```
=VALUE(REGEXEXTRACT(SUBSTITUTE(A2,",",""),"debited by ([0-9.]+)"))
```

வங்கிக்கு வங்கி வாசகம் மாறும். கட்டத்தில் `#N/A` வந்தால், உங்கள் வங்கி `debited by` என்று எழுதவில்லை என்று அர்த்தம். அது எழுதும் சொற்களைச் சூத்திரத்தில் மாற்றிப் போடுங்கள்.

ஆனால், வராத செய்தியை எந்தச் சூத்திரமும் படிக்காது. உதாரணமாக, எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஜூன் 25 முதல், 100 ரூபாய்க்குக் குறைவான யு.பி.ஐ. செலவுகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதை நிறுத்திவிட்டது.

இப்படிப்பட்ட கணக்கு வைத்திருக்கும் பாலக்கோட்டுக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் தேதி இருப்பு 18,400 ரூபாய். அதன்பிறகு வரவு இல்லை. மாசக் கடைசியில் ஷீட் காட்டும் செலவு 11,150. அப்படியானால் மீதி 7,250 இருக்க வேண்டும். வங்கியிலோ 6,690தான் இருக்கிறது! விடுபட்ட 560 ரூபாயைத் தேடி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால், டீக்கடையில் ஸ்கேன் செய்த 40 ரூபாய், 14 தடவை. அதைச் 'சில்லறைச் செலவு' என்று ஒரே வரியாகச் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

நேர்மாறான தப்பும் நடக்கும். கணவர் 3,000 ரூபாயை மனைவியின் கணக்குக்கு அனுப்புகிறார். அவர் அதில் மளிகை வாங்குகிறார். இரண்டு போனும் ஒரே ஷீட்டில் எழுதினால், 3,000 ரூபாய் செலவு 6,000 ஆகத் தெரியும். அந்த வரியை அழிக்காதீர்கள். அழித்தால் வங்கி இருப்போடு ஒத்துப்போகாது. பக்கத்தில் 'சொந்தக் கணக்கு' என்று குறித்து, செலவுக் கூட்டலில் மட்டும் விட்டுவிடுங்கள்.

ஷீட் எழுதட்டும். மாசம் ஒருமுறை வங்கி இருப்போடு ஒப்பிடும் வேலை மட்டும் உங்களுடையது.