கடுமையான அமைப்பு மட்டும் விளம்பரத்தைக் காக்காது

கூகுள் ஆட்ஸின் Content suitability பக்கத்தில் மிகக் கடுமையான நிலையைத் தேர்ந்து, தடைச் சொற்களின் நீண்ட பட்டியலையும் சேர்த்துவிட்டால் விளம்பரம் தகாத இடத்தில் தோன்றாது என்று விளம்பரதாரர்கள் பலர் நம்புகிறார்கள். இதில் மூன்று வாதங்கள் அடங்கியுள்ளன. மூன்றும் நிற்கமாட்டா.

முதல் வாதம்: ‘Limited inventory போதும்.’ Expanded, Standard, Limited என்ற மூன்று நிலைகளும் யூடியூபுக்கும் அதன் பங்காளித் தளங்களில் ஓடும் வீடியோக்களுக்கும் உரியவை. செய்தித் தளங்களிலும் வலைப்பூக்களிலும் வரும் பட விளம்பரங்களை அவை கட்டுப்படுத்துவதில்லை. அவற்றுக்குத் தலைப்பு விலக்கும் தள விலக்கும் தனியே தேவை. மேலும், கெட்ட வார்த்தையோ ஆபாசமோ இல்லாத விபத்துச் செய்தி வீடியோவும் குழந்தை உணவு விளம்பரத்துக்குப் பொருந்தாது. அதைத் தவிர்க்க, துயரமும் மோதலும் சார்ந்த உள்ளடக்கத்தை விலக்கும் Tragedy and conflict தேர்வு வேண்டும். நேரலையையும் தனியாகவே விலக்க வேண்டும். அடுத்த நிமிடம் அதில் என்ன வரும் என்பதை முன்கூட்டியே தரம்பிரிக்க வழியில்லை.

இரண்டாம் வாதம்: ‘தடைச் சொற்கள் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும்.’ சொல்லைத் தேடும் வடிகட்டி அந்தச் சொல் வந்த சூழலைப் பார்ப்பதில்லை. 2020இல் பல நிறுவனங்கள் ‘கொரோனா’வைத் தடைப் பட்டியலில் சேர்த்தன. வதந்தி பரப்பிய பக்கங்களோடு, மருத்துவர்களின் அறிவுரையை வெளியிட்ட நாளிதழ்ப் பக்கங்களும் விளம்பரத்தை இழந்தன. வாசகர் கூட்டம் பெருகிய அதே நாட்களில் நாளிதழ்களின் வருவாய் சரிந்தது. மறுபுறம், தடைச் சொல் எதையும் பயன்படுத்தாமல் வெறுப்பை விதைக்கும் பக்கம் வடிகட்டியில் சிக்காது. ஆகவே பட்டியல் குறுகியதாக இருப்பதும், அதிலுள்ள சொற்களை அவ்வப்போது நீக்கிச் சேர்ப்பதும் நல்லது.

மூன்றாம் வாதம்: ‘தளங்களைக் குறைத்தால் விளம்பரத்தின் வீச்சு படுத்துவிடும், ஆகவே அமைப்பை ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடலாம்.’ 2017இல் ஜேபிமார்கன் சேஸ் வங்கியின் அனுபவம் இதை மறுக்கிறது. அதன் விளம்பரங்கள் மாதந்தோறும் சுமார் 4,00,000 தளங்களில் தோன்றிவந்தன. தகாத தளம் ஒன்றில் தன் விளம்பரம் வந்தது தெரிந்ததும் வங்கி ஆராய்ந்தது. வெறுமனே தோன்றுவதைத் தாண்டிப் பயனர் ஏதேனும் செய்த தளங்கள் சுமார் 12,000 மட்டுமே. அவற்றைப் பயிற்சி ஊழியர் ஒருவர் நேரில் பார்த்துப் பொருந்தாதவற்றை நீக்கியபின் எஞ்சியவை ஏறத்தாழ 5,000. செலவிலும் விளம்பரம் எட்டிய அளவிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று வங்கி கூறியது.

அந்த ஆய்வில் பயன் தந்தது மனிதக் கண். கூகுள் ஆட்ஸில் அதற்கு இடம் தருவது Where ads showed அறிக்கை. விளம்பரம் எந்தத் தளத்தில், எந்தச் சேனலில் வந்தது என்பதை அது காட்டும். பொருந்தாதவற்றைக் கணக்கு அளவிலேயே விலக்கினால் அந்த விலக்கு எல்லாப் பிரசாரங்களுக்கும் பொருந்தும். புதிய தளங்களும் சேனல்களும் நாள்தோறும் சேர்வதால், விளம்பரம் ஓடும்வரை இந்த அறிக்கையையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.